கபடி ஸ்கோரை முன்கூட்டியே கணிப்பது: ஹேண்டிகேப்பும் டோட்டலும் எங்கிருந்து வருகின்றன?

2017 அக்டோபர் 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் புரோ கபடி லீக்கின் ஐந்தாவது சீசன் இறுதிப் போட்டி நடந்தது. பாட்னா பைரேட்ஸ் 55, குஜராத் 38. இரண்டையும் கூட்டினால் 93. அதன்பின் 2024 மார்ச் 1 அன்று ஐதராபாத்தில் பத்தாவது சீசன் இறுதிப் போட்டி. புனேரி பல்டன் 28, ஹரியானா ஸ்டீலர்ஸ் 25. கூட்டினால் 53தான். அதே 40 நிமிடம், அதே ஏழு பேர், அதே மேட். ஆனால் ஒன்றில் மற்றதைவிட 40 புள்ளி அதிகம்.

ஆட்டம் தொடங்கும் முன்பே "இன்று மொத்தம் இத்தனை புள்ளி வரும், இந்த அணி இத்தனை புள்ளியில் ஜெயிக்கும்" என்று ஒருவர் எண் சொன்னால், அந்த எண்ணை எப்படி எடுத்திருப்பார்? அதை நாமே ஒரு தாளில் போட்டுப் பார்க்க முடியுமா? முடியும். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். ஆனால் கபடியின் புள்ளிகள் எப்படிப் பிறக்கின்றன என்பதை மறந்துவிட்டுக் கூட்டினால் கணக்கு தப்பாகப் போகும். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது அந்த இடத்தில்தான். அதனால் இந்தக் கட்டுரையில் அதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

முதலில் பந்தயச் சந்தையில் புழங்கும் இரண்டு சொற்கள். டோட்டல் என்பது இரு அணிகளின் புள்ளிகளையும் கூட்டி வருவது. "டோட்டல் 64.5" என்று ஒரு கோடு போட்டால், ஆட்டம் 65 அல்லது அதற்கு மேல் முடியுமா, 64 அல்லது அதற்குக் கீழ் முடியுமா என்பதே கேள்வி. அரைப் புள்ளி எதற்கு என்றால், கோட்டின் மேலேயே ஆட்டம் முடிந்து இரண்டும் இல்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காக. ஹேண்டிகேப் என்பது பலமான அணியின் தலையில் ஏற்றும் சுமை. "ஹேண்டிகேப் -3.5" என்றால் அந்த அணியின் இறுதிப் புள்ளியிலிருந்து 3.5ஐக் கழித்துப் பார்க்க வேண்டும். கழித்த பிறகும் முன்னிலையில் இருந்தால்தான் அது தாண்டியதாகக் கணக்கு. மேலே சொன்ன 28-25 ஆட்டத்தில் புனேவுக்கு -3.5 போட்டிருந்தால் 28 என்பது 24.5 ஆகிவிடும். எதிரணி 25. கோப்பை புனேவுக்கு, ஹேண்டிகேப் ஹரியானாவுக்கு. அதே -3.5ஐச் சென்னை இறுதிப் போட்டியில் பாட்னாவுக்குப் போட்டிருந்தால், 17 புள்ளி வித்தியாசத்தில் அது ஒரு பொருட்டே இல்லை.

ஆக டோட்டல் கேட்பது கூட்டலை, ஹேண்டிகேப் கேட்பது கழித்தலை. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே வேலைதான்: ஒவ்வோர் அணியும் எத்தனை புள்ளி எடுக்கும் என்று தனித்தனியாக மதிப்பிடுவது.

புள்ளி எங்கே பிறக்கிறது

ஆட்டம் முடிந்ததும் வரும் ஸ்கோர் அட்டையில் ஒவ்வோர் அணிக்கும் நான்கு வரிகள் இருக்கும்: ரெய்டு புள்ளிகள், டேக்கிள் புள்ளிகள், ஆல் அவுட் புள்ளிகள், எக்ஸ்ட்ரா. ரெய்டு புள்ளி என்பது பாடிப் போனவர் தொட்டுவிட்டு வந்த ஆட்கள், அதோடு போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததற்கான புள்ளி. எதிரே ஆறு பேர் அல்லது அதற்கு மேல் நின்றால்தான் போனஸ் உண்டு. டேக்கிள் புள்ளி என்பது வந்தவரைப் பிடித்துப் போட்டதற்கு ஒன்று. மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நின்று பிடித்தால் அது சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. எதிரணி முழுவதும் காலியானால் ஆல் அவுட்டுக்குக் கூடுதலாக இரண்டு. நடுவர் தண்டனையாகத் தரும் புள்ளிகள் போன்ற சில்லறை எல்லாம் எக்ஸ்ட்ரா வரியில் சேரும்.

இந்த நான்கு வரிகளைப் பார்த்ததும் எல்லாருக்கும் தோன்றும் வழி ஒன்று உண்டு. இந்த அணியின் ரெய்டு சராசரியையும் டேக்கிள் சராசரியையும் கூட்டு, அந்த அணிக்கும் அப்படியே செய், இரண்டையும் சேர்த்தால் டோட்டல், கழித்தால் ஹேண்டிகேப். நானும் முதல் இரண்டு சீசன்கள் நோட்டுப் புத்தகத்தில் இப்படித்தான் எழுதினேன். டோட்டல் தொடர்ந்து குறைவாகவே வந்தது. கணக்கு எங்கெங்கே தப்புகிறது என்று புரிய, முதலில் ஒரே ஒரு ரெய்டை நிறுத்திப் பார்க்க வேண்டியிருந்தது.

சிவப்பு அணியின் ஆள் நீல அணியின் பக்கம் பாடிப் போகிறார். 30 வினாடி. அந்த ரெய்டு பெரும்பாலும் மூன்றில் ஒரு விதமாகத்தான் முடியும். அவர் புள்ளியோடு திரும்புவார். அது சிவப்பின் ரெய்டு புள்ளி. அல்லது பிடிபடுவார், அது நீலத்தின் டேக்கிள் புள்ளி. அல்லது வெறுங்கையோடு திரும்புவார், யாருக்கும் எதுவும் இல்லை. ஆக சிவப்பின் ரெய்டு புள்ளியும் நீலத்தின் டேக்கிள் புள்ளியும் ஒரே ரெய்டுகளிலிருந்து வருகின்றன. நீல அணி சராசரியாக 11 டேக்கிள் எடுக்கும் என்பது நீல அணியை மட்டும் பொறுத்த எண் இல்லை. எதிரே பாடி வருபவர் எளிதில் சிக்குபவரா, நழுவுபவரா என்பதும் அந்த எண்ணுக்குள் பாதி இருக்கிறது.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். "இரண்டு பக்கமும் டிஃபென்ஸ் பலம், அதனால் டோட்டல் குறையும்" என்று பலர் சொல்வார்கள். பாதி சரி. பிடித்தாலும் ஒரு புள்ளிதான், தொட்டாலும் ஒரு புள்ளிதான். டோட்டலைக் கீழே இழுப்பது நல்ல பிடி இல்லை, வெறும் ரெய்டு. 40 நிமிடத்தில் 30 வினாடி ரெய்டுகள் என்றால் 80. சில ரெய்டுகள் சீக்கிரம் முடிந்துவிடுவதால் அதற்குச் சற்று மேலே போகும்; ஓர் அணிக்கு 40க்கு மேல் ஒன்றிரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எண்ணிக்கை ஆட்டத்துக்கு ஆட்டம் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது, அவற்றில் எத்தனை வெறுமையாகப் போகின்றன என்பதுதான். பலமான டிஃபென்ஸைப் பார்த்து ரெய்டர் பயந்து கோட்டருகே நின்று திரும்பினால் டோட்டல் குறையும். அதே டிஃபென்ஸ் முன்னேறிப் பாய்ந்து பிடிக்கும் குணம் கொண்டது என்றால் பிடியும் விழும், தவறிய பிடியில் இரண்டு மூன்று பேர் தொடப்பட்டும் போவார்கள், டோட்டல் ஏறும். ஆகவே ஸ்கோர் அட்டையில் நான் முதலில் தேடுவது வெறும் ரெய்டுகளின் எண்ணிக்கையைத்தான்.

தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால் மூன்றாவது "டூ ஆர் டை". அதில் புள்ளி எடுக்காமல் திரும்பினால் ரெய்டர் வெளியே, எதிரணிக்கு ஒரு புள்ளி. அதாவது மூன்றில் ஒரு ரெய்டிலாவது ஏதோ ஒரு பக்கம் புள்ளி விழுந்தே தீரும். வேண்டுமென்றே இரண்டை வெறுமையாக விட்டு மூன்றாவதில் மட்டும் மோதும் அணிகள் உண்டு. அப்படிப்பட்ட இரண்டு அணிகள் சந்தித்தால், சராசரிகள் என்ன சொன்னாலும் ஸ்கோர் மெதுவாகத்தான் நகரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கற்பனையாகச் சிவப்பு, நீலம் என்று இரண்டு அணிகள். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை, ஆனால் அட்டைகளில் நாம் வழக்கமாகப் பார்க்கும் அளவில்தான் இருக்கும். லீக்கில் ஓர் அணியின் சராசரி ஆட்டத்துக்கு 19 ரெய்டு புள்ளி, 10 டேக்கிள் புள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

சிவப்பு அணி சராசரியாக 21 ரெய்டு புள்ளி எடுக்கிறது, 19 கொடுக்கிறது. 10 டேக்கிள் எடுக்கிறது. அதன் ரெய்டர்கள் எதிரணிகளுக்கு 9 டேக்கிள் புள்ளி கொடுக்கிறார்கள். நீல அணி 18 ரெய்டு புள்ளி எடுக்கிறது, 20 கொடுக்கிறது. 11 டேக்கிள் எடுக்கிறது, 10 கொடுக்கிறது.

பழைய வழியில் கூட்டினால் சிவப்பு 21ம் 10ம் சேர்ந்து 31. நீலம் 18ம் 11ம் சேர்ந்து 29. டோட்டல் 60, வித்தியாசம் 2.

இப்போது ரெய்டு ரெய்டாகப் பார்க்கும் வழி. சிவப்பு எடுப்பதையும் நீலம் கொடுப்பதையும் கூட்டி, லீக் சராசரியை ஒரு முறை கழிக்க வேண்டும். ஏன் கழிக்கிறோம் என்றால், இரண்டு எண்ணுக்குள்ளும் "சாதாரண அணி, சாதாரண எதிரி" என்ற பங்கு ஒன்று இருக்கிறது. அது இரண்டு முறை வந்துவிடுகிறது, ஒன்றை எடுத்துவிட வேண்டும். சிவப்பின் ரெய்டு: 21 + 20 - 19 = 22. நீலத்தின் ரெய்டு: 18 + 19 - 19 = 18. டேக்கிளுக்கும் அதே முறைதான். சிவப்பு எடுப்பது 10, நீல ரெய்டர்கள் கொடுப்பது 10, லீக் சராசரி 10, ஆகவே 10. நீலம் எடுப்பது 11, சிவப்பு ரெய்டர்கள் கொடுப்பது 9, கழிக்க 10, அதுவும் 10. நீலத்தின் டிஃபென்ஸ் நல்லதுதான், ஆனால் இன்று எதிரே வருபவர்கள் எளிதில் சிக்காதவர்கள் என்பதால் அதன் 11 என்பது 10 ஆகிவிட்டது.

இதுவரை சிவப்பு 32, நீலம் 28. இன்னும் இரண்டு வரிகள் பாக்கி. சிவப்பு சராசரியாக ஆட்டத்துக்கு ஒன்றரை ஆல் அவுட் செய்கிறது, அது 3 புள்ளி. நீலம் ஒன்று, 2 புள்ளி. எக்ஸ்ட்ரா ஆளுக்கு ஒன்று. ஆக சிவப்பு 36, நீலம் 31. டோட்டல் 67, வித்தியாசம் 5.

பழைய வழி சொன்ன 60க்கும் இந்த 67க்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். அந்த 7ல் 5 ஆல் அவுட்டிலிருந்து, 2 எக்ஸ்ட்ராவிலிருந்து. என் பழைய நோட்டில் டோட்டல் எப்போதும் குறைவாக வந்ததற்கு இதுதான் காரணம். வித்தியாசம் 2லிருந்து 5க்குப் போனதில் இரண்டு புள்ளி எதிரணியைக் கணக்கில் சேர்த்ததால் வந்தது, ஒன்று ஆல் அவுட்டால்.

விடை வந்ததும் ஒரு சரிபார்ப்பு செய்வது நல்லது. சிவப்புக்கு 42 ரெய்டு என்று வைத்துக்கொண்டால், 22 புள்ளி எடுக்க ஏறத்தாழ 18 ரெய்டு வெற்றியாக வேண்டும், ஏனென்றால் சிலவற்றில் இரண்டு புள்ளி கிடைக்கும். நீலத்தின் 10 டேக்கிள் புள்ளியில் ஒரு சூப்பர் டேக்கிள் இருந்தால் பிடிபட்டது 9 முறை. 18ம் 9ம் 27. மிச்சம் 15 வெறும் ரெய்டு. நம்பக்கூடிய ஆட்டம்தான். இதுவே மிச்சம் 5 என்று வந்திருந்தால் எங்கேயோ அதிகமாகக் கூட்டிவிட்டோம் என்று புரிந்துகொள்ளலாம்.

சராசரிகள் எத்தனை ஆட்டத்திலிருந்து வந்தவை என்பதையும் பார்க்க வேண்டும். சீசன் தொடங்கி நான்கைந்து ஆட்டம்தான் ஆகியிருந்தால், லீக் சராசரியிலிருந்து ஓர் அணி விலகியிருக்கும் அளவைப் பாதியாக்கிக்கொள்வது என் வழக்கம். 21 என்பதை 20 ஆக, 18 என்பதை 18.5 ஆக எடுத்துக்கொள்வேன். ஐந்து ஆட்டத்தில் ஒன்று ஒருதலைப்பட்சமாகப் போயிருந்தாலே சராசரி முழுவதையும் அது சாய்த்துவிடும்.

ஆல் அவுட் ஏன் தனிக் கணக்கு

ஆல் அவுட்டின் இரண்டு புள்ளியைச் சில்லறையாக நினைத்து விட்டுவிடுவது சுலபம். ஆனால் ஹேண்டிகேப்பை உடைப்பதும் காப்பாற்றுவதும் பெரும்பாலும் அதுதான். தொட்டோ பிடித்தோ எடுக்கும் புள்ளி ஒவ்வொன்றும் எதிரணியில் ஒருவரை வெளியே அனுப்புகிறது, நம் பக்கம் வெளியே இருப்பவர் ஒருவரை உள்ளே கொண்டுவருகிறது. அதனால் சரிவு தொடங்கினால் அது தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். எதிரே இரண்டு பேர்தான் நிற்கிறார்கள், அதில் ஒருவர் பாடிப் போகிறார், பிடிபடுகிறார். மிச்சம் ஒருவரைத் தொட்டுவிட்டால் அந்த ஒரு புள்ளியோடு கூடுதல் இரண்டு. இரண்டு மூன்று நிமிடத்துக்குள் 4 புள்ளி முன்னிலை 10 ஆகிவிடும். அதே நேரத்தில் அந்த இரண்டு பேர் வந்தவரைப் பிடித்துவிட்டால் சூப்பர் டேக்கிள். அங்கேயே ஆட்டம் திரும்பும்.

இங்கே போனஸுக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. போனஸ் புள்ளியால் எதிரணியில் யாரும் வெளியே போவதில்லை, நம் ஆள் யாரும் உள்ளே வருவதுமில்லை. 22 ரெய்டு புள்ளியில் 8 போனஸ் என்றால் வெளியே போனவர்கள் 14 பேர்தான். போனஸ் 3 என்றால் 19 பேர். ரெய்டு சராசரி ஒன்றாகவே இருக்கும் இரண்டு அணிகளில், தொட்டு எடுக்கும் அணிதான் அதிகம் ஆல் அவுட் செய்யும். சராசரி வரியை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது. தொடு புள்ளி, போனஸ் என்று பிரித்துக் காட்டும் அட்டை கிடைத்தால் கட்டாயம் அதைப் பாருங்கள்.

முதன்மை ரெய்டர் இல்லாத நாள்

ஐந்தாவது சீசனில் பாட்னாவின் பர்தீப் நர்வால் 26 ஆட்டத்தில் 369 ரெய்டு புள்ளி எடுத்தார். ஆட்டத்துக்கு 14க்கு மேல். இப்படி ஒருவர் காயத்தால் உட்கார்ந்தால் அணியின் கணக்கிலிருந்து 14ஐக் கழித்துவிடலாமா? கூடாது. அவர் பாடாத ரெய்டுகள் காணாமல் போவதில்லை, வேறொருவர் பாடுவார்.

நம் சிவப்பு அணிக்கே வருவோம். அதன் முதன்மை ரெய்டர் ஆட்டத்துக்கு 18 ரெய்டு போய் 10 புள்ளி எடுப்பவர் என்று வையுங்கள். அவர் இல்லாவிட்டால் அந்த 18ஐ மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் ரெய்டுக்கு 0.4 புள்ளி எடுப்பவர்கள் என்றால் 18 × 0.4 = 7.2. இழப்பு 10 இல்லை, 3க்குச் சற்றுக் குறைவு. ஆனால் இழப்பு அதோடு முடிவதில்லை. மாற்று ரெய்டர் அதிகம் சிக்குவார். முதன்மை ரெய்டர் அந்த 18ல் 4 முறை சிக்குவார், மற்றவர்கள் 6 முறை சிக்குவார்கள் என்றால் நீலத்தின் டேக்கிள் 2 கூடும். ஆக சிவப்பு 36லிருந்து 33க்கு இறங்கும், நீலம் 31லிருந்து 33க்கு ஏறும். வித்தியாசம் 5 இருந்தது காணாமல் போய்விட்டது. டோட்டலோ 67லிருந்து 66க்குத்தான் நகர்ந்திருக்கிறது.

இது எனக்கு மிகவும் பயன்பட்ட கணக்கு. பெரிய ரெய்டர் இல்லை என்ற செய்தி வந்ததும் எல்லாரும் டோட்டலைக் குறைக்கிறார்கள். உண்மையில் அடி விழுவது ஹேண்டிகேப்பில். அவருடைய புள்ளிகளில் ஒரு பங்கு எதிரணிக்கு டேக்கிளாகப் போய்ச் சேருவதால் டோட்டல் பெரும்பாலும் தன் இடத்திலேயே நிற்கும்.

கடைசி மூன்று நிமிடம்

மூன்று நிமிடம் என்றால் ஆறு ரெய்டு, ஆளுக்கு மூன்று. 6 புள்ளி முன்னிலையில் இருக்கும் அணிக்கு மேலும் புள்ளி தேவையில்லை, நேரம் போனால் போதும். 30 வினாடியும் நின்று பாடி இரண்டு ரெய்டை வெறுமையாகக் கடத்தும். பின்தங்கிய அணி காத்திருக்க முடியாது; கோட்டருகே நிற்பவரையே பாய்ந்து பிடிக்கப் பார்க்கும். அது வெற்றி பெற்றால் வித்தியாசம் சுருங்கும், தவறினால் விரியும். சராசரிகளிலிருந்து போட்ட கணக்குக்குள் இந்தக் கட்டம் அடங்காது.

இதிலேயே பழைய அட்டைகளைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பதினொன்றாவது சீசன் வரை புரோ கபடி லீக் சுற்றில், 7 புள்ளி அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்ற அணிக்கும் பட்டியலில் 1 புள்ளி கிடைத்தது. அதனால் 9 புள்ளி பின்தங்கிய அணி கடைசி நிமிடத்தில் ஜெயிக்க ஆடாமல், தோல்வியை 7க்குள் கொண்டுவர ஆடும். 7க்குள் வந்துவிட்டால் இரு தரப்பும் ஆட்டத்தை அப்படியே முடித்துக்கொள்ளவும் செய்யும். 2025ல் நடந்த பன்னிரண்டாவது சீசனில் முறை மாறியது: வெற்றிக்கு 2, தோல்விக்கு ஒன்றும் இல்லை. 7 என்ற எண்ணுக்கு இருந்த ஈர்ப்பு அதோடு போயிற்று. ஆகவே பழைய சீசன்களின் வெற்றி வித்தியாசங்களை எடுத்து, இன்றைய ஆட்டத்துக்கு -6.5, -7.5 போன்ற கோடுகளை எடைபோட்டால் தப்பாகும்.

அதே சீசனில் லீக் சுற்றில் சமனாகும் ஆட்டங்களுக்கும் டை பிரேக்கர் வந்துவிட்டது. அணிக்கு ஐந்து ரெய்டு. ஒரு கணிப்பை எழுதும்போது அது 40 நிமிட ஸ்கோருக்கா, டை பிரேக்கரையும் சேர்த்தா என்று முதலிலேயே முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும்.

கணிப்பு எவ்வளவு தப்பலாம்

இனி, 67 என்ற நம் விடையை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்போம். முதல் சீசன் முதல் பன்னிரண்டாவது வரை புரோ கபடி இறுதிப் போட்டிகளின் டோட்டல்களை வரிசையாக எழுதினால்: 59, 66, 59, 66, 93, 71, 73, 73, 62, 53, 55, 59. சராசரி 66க்குச் சற்றுக் கீழே. சென்னையின் 93 அதை மேலே இழுக்கிறது. நடுவில் நிற்கும் எண்ணைப் பார்த்தால் 64. எல்லா ஆட்டத்துக்கும் 64 என்றே சொல்லியிருந்தால் எவ்வளவு தப்பியிருப்போம்? பன்னிரண்டில் ஆறு ஆட்டங்களில் 7 அல்லது அதற்கு மேல் தப்பியிருக்கும். வெற்றி வித்தியாசங்கள் இவை: 11, 6, 3, 8, 17, 5, 5, 1, 4, 3, 9, 3. இறுதிப் போட்டிகள் நெருக்கமான அணிகள் ஆடுபவை. மற்ற ஆட்டங்களில் இன்னும் அகலமாகப் பரவும்; அதே 2017 சீசனின் ஒரு நாக் அவுட் ஆட்டத்தில் பாட்னா ஹரியானாவை 69-30 என்று வென்றது, பர்தீப் மட்டும் 34 ரெய்டு புள்ளி. எந்தச் சராசரியும் அதைச் சொல்லியிருக்காது.

இப்போது நம் சிவப்பு-நீலம் ஆட்டத்துக்கு டோட்டல் 64.5, சிவப்புக்கு ஹேண்டிகேப் -5.5 என்று கோடு போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். நம் கணிப்பு 67. கோட்டுக்கு மேலே 2.5. சாதாரணமாகவே 7 புள்ளி இங்குமங்கும் போகும் ஆட்டத்தில் 2.5 என்பது சின்ன சாய்வுதான். 64.5ஐத் தாண்ட வாய்ப்பு பாதிக்குச் சற்று மேலே என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது. ஹேண்டிகேப்பில் நம் எண் 5, கோடு 5.5, இரண்டும் ஒன்றுதான். அந்தக் கோட்டைப் போட்டவரும் இதே போன்ற கணக்கைத்தான் செய்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். பழைய வழியில் 60, 2 என்று எடுத்தவருக்கோ டோட்டலும் ஹேண்டிகேப்பும் பெரிய தப்பாகத் தெரியும். அவர் கண்டுபிடித்தது கோட்டின் தப்பு இல்லை, தன் கூட்டலில் விடுபட்ட ஆல் அவுட்டையும் எதிரணியையும்.

இந்தக் கோடுகள் பந்தயச் சந்தையிலிருந்து வருபவை என்பதால் அதன் விலையையும் சொல்லிவிட வேண்டும். மேலே, கீழே இரண்டுக்கும் 1.85 என்று விலை போடுவது வழக்கமான ஒரு வடிவம்; சரியாகச் சொன்னால் வைத்த ஒரு ரூபாய்க்கு 1.85 ரூபாய் திரும்பும். 1ஐ 1.85ஆல் வகுத்தால் 0.54. அதாவது நூற்றுக்கு 54 முறைக்கு மேல் சரியாகச் சொன்னால்தான் கையில் உள்ளது கரையாது. நம் 2.5 புள்ளி சாய்வு அந்த எல்லையை ஒட்டித்தான் நிற்கிறது. ஒரு ரெய்டரின் முழங்கால் வலி அதை அழித்துவிடும். அதோடு இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்துக்கு எதிராக 2022லேயே அவசரச் சட்டமும் 2023ல் தனிச் சட்டமும் வந்தன. நான் இந்தக் கணக்கைப் போடுவது ஆட்டத்தைப் படிப்பதற்காக. எழுதிவைத்த எண்ணோடு ஆட்டத்தைப் பார்க்கும்போது, எந்த நிமிடத்தில் அது கணிப்பை விட்டு விலகியது, ஏன் விலகியது என்று கண்ணுக்குத் தெரிகிறது.

தொடங்க விரும்பினால் ஒரு பக்கத்தில் ஆறு கட்டம் போடுங்கள். ஓர் அணிக்கு எடுத்த ரெய்டு, கொடுத்த ரெய்டு, எடுத்த டேக்கிள், கொடுத்த டேக்கிள், ஆல் அவுட் புள்ளி, வெறும் ரெய்டு. ஆட்டத்துக்கு முன் உங்கள் 36-31ஐ எழுதுங்கள். முடிந்ததும் மொத்த ஸ்கோரை மட்டும் ஒப்பிடாமல் ஒவ்வொரு கட்டமாக ஒப்பிடுங்கள். 36-31 என்று எழுதியது 41-27 என்று முடிந்திருக்கலாம். கட்டங்களைப் பார்த்தால் ரெய்டும் டேக்கிளும் ஏறக்குறைய நீங்கள் சொன்னபடியே இருந்து, இரண்டாம் பாதியில் எதிர்பாராமல் வந்த ஓர் ஆல் அவுட்டும் அதைச் சுற்றி விழுந்த புள்ளிகளும்தான் தூரத்தை உண்டாக்கியிருக்கும். அப்போது திருத்த வேண்டியது ரெய்டு சராசரியை இல்லை, அந்த நீல அணி மூன்று பேராகச் சுருங்கும்போது என்ன செய்கிறது என்ற உங்கள் எண்ணத்தை.